காலிச் சுவரில் பிரேம் போட்ட ஓவியம்: ஹால் படத்தில் பொருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடபழனியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில், ஆன்லைனில் விற்கும் பர்னிச்சர் கடைகளுக்குப் படம் சரிசெய்து கொடுப்பது என் வேலை. சோபா, டீபாய், விளக்கு எல்லாம் நிஜமாக வைத்து எடுத்த படம் வரும். பின்னால் இருக்கும் சுவர் மட்டும் மொட்டையாக இருக்கும். அதில் போட்டோஷாப்பில் ஓவியத்தை மாட்டுவது எங்கள் பொறுப்பு. ஆணி அடிக்காமல் மாட்டுவதால் சுலபம் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலான பதில்களில் ஒரே ஹால் படத்தை வைத்தே பேசுகிறேன்: 3600 பிக்சல் அகலம், சுவரிலிருந்து 12 அடி தள்ளி நின்று நேராக எடுத்தது, நடுவில் 84 இன்ச் மூன்று பேர் சோபா, இடப்பக்கம் ஜன்னல்.

பிரேமை எவ்வளவு பெரிதாக வைப்பது? சோபா அளவு தெரியுமே, அதை வைத்துக் கணக்குப் போட்டால் போதாதா?

போதாது. நானே இதில் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். சோபா 84 இன்ச், படத்தில் அதன் முன்விளிம்பு 2282 பிக்சல் வந்தது. வகுத்தால் ஒரு இன்ச்சுக்கு ஏறக்குறைய 27 பிக்சல். பிரேம் 42 இன்ச் அகலம், ஆகவே சுமார் 1140 பிக்சல் வைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. கடைக்காரருக்கும் பிடித்துப்போய் சைட்டில் ஏற்றினார். வாங்கியவர் வீட்டில் மாட்டிப் பார்த்துவிட்டு, "படத்துல பாதிச் சுவரு இருந்துச்சு, வந்தது தாம்பாளம் மாதிரி இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

என்ன நடந்தது என்றால், சோபாவின் முன்விளிம்பு சுவரில் இல்லை. சோபாவின் ஆழம் 34 இன்ச், சுவருக்கும் அதற்கும் 4 இன்ச் இடைவெளி. ஆக முன்விளிம்பு சுவரிலிருந்து 38 இன்ச் முன்னால் நிற்கிறது. கேமராவிலிருந்து சுவர் 144 இன்ச் தூரம் என்றால், சோபாவின் முன்விளிம்பு 106 இன்ச் தூரம்தான். பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். 144ஐ 106ஆல் வகுத்தால் 1.36. அதாவது சோபாவில் அளந்த கணக்கைச் சுவருக்குக் கொண்டுபோனால் பிரேம் 36 சதவீதம் ஊதிவிடும். நான் வைத்தது 42 இன்ச் பிரேம் இல்லை, 57 இன்ச் பிரேம்.

அளவைச் சுவரின் தளத்திலேயே எடுக்க வேண்டும். நம் ஊர் ஹால்களில் அதற்குக் கையோடு ஒரு ஸ்கேல் கிடக்கிறது: தரை டைல்ஸ். கொத்தனார் "ரெண்டுக்கு ரெண்டு" என்று சொல்வது உண்மையில் 600 மில்லிமீட்டர், அதாவது 23.6 இன்ச். தரையும் சுவரும் சேரும் கோட்டில் இரண்டு டைல் இணைப்புகளுக்கு நடுவே எத்தனை பிக்சல் என்று அளந்து பாருங்கள். நம் படத்தில் 472 வருகிறது. 472ஐ 23.6ஆல் வகுத்தால் ஒரு இன்ச்சுக்கு 20 பிக்சல். சுவர் கேமராவுக்கு நேராக இருப்பதால் இதே கணக்கு மேலே கூரைவரை செல்லும். 42 இன்ச் பிரேம் 840 பிக்சல், அவ்வளவுதான். ஓர் இணைப்பை மட்டும் அளக்காமல் நான்கைந்து டைல்களைச் சேர்த்து அளந்து வகுத்தால் கை நடுக்கத்தால் வரும் பிழையும் குறையும்.

இன்னொன்று. கடைக்காரர் "24க்கு 36" என்று எழுதி அனுப்பினால் அது எதன் அளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஓவியத்தின் அளவு. அதைச் சுற்றி 2 இன்ச் வெள்ளை மவுண்ட், அதற்கு வெளியே 1 இன்ச் சட்டம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 3 இன்ச் கூடி, வெளி அளவு 30க்கு 42 ஆகிறது. சுவரில் இடம் பிடிப்பது வெளி அளவுதான். நம் உதாரணப் படத்தில் இதைப் படுக்கைவாக்கில் வைக்கிறோம், ஆக 840க்கு 600 பிக்சல்.

டைல்ஸ் தெரியாத படமாக வந்தால்? கார்ப்பெட் விரித்து மூடிவிட்டார்கள்.

சுவரிலேயே ஒட்டியிருக்கும் எதுவும் உதவும்: சுவிட்ச் போர்டு, ஸ்கர்ட்டிங் உயரம், கதவு நிலை. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பிவிடாமல், படம் எடுத்த இடத்துக்கு போன் போட்டு டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். சின்னப் பொருளில் அளந்தால் பிழை பெருகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 4 இன்ச் ஸ்கர்ட்டிங்கில் 2 பிக்சல் தவறினால், 42 இன்ச் பிரேமில் அது 21 பிக்சலாகிவிடும். கதவு நிலை கிடைத்தால் அதுவே மேல்.

உயரம்? சோபாவுக்கு மேலே நடுவில் வைத்தால் சரிதானே?

சோபாவின் முதுகுக்கும் கூரைக்கும் சரியாக நடுவில் வைத்தால் ஓவியம் ரொம்ப மேலே ஏறிவிடும். காலண்டர் மாட்டிய மாதிரி இருக்கும். ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 57 இன்ச், அதாவது நின்று பார்ப்பவரின் கண்மட்டம், என்பது கண்காட்சிக் கூடங்களில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. சோபாவுக்கு மேல் என்றால் முதுகுக்கும் பிரேமின் அடிக்கும் 6 முதல் 8 இன்ச் இடைவெளி விடுவார்கள்.

நம் ஹாலில் இரண்டும் ஒத்துப்போகின்றன. சோபா முதுகு 34 இன்ச், அதற்கு மேல் 8 இன்ச் விட்டால் பிரேமின் அடி 42 இன்ச்சில் வரும். பிரேம் உயரம் 30, அதில் பாதி 15, ஆக நடுப்புள்ளி 57. பிக்சலில் சொன்னால், தரையும் சுவரும் சேரும் கோட்டிலிருந்து 840 பிக்சல் மேலே பிரேமின் அடி. அந்தக் கோடு சோபாவுக்குப் பின்னால் மறைந்திருக்கும். இருபுறமும் வெளியே தெரிகிற பகுதிகளை ஒரு கைடு கோட்டால் இணைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் மேல் ஸ்கர்ட்டிங் இருந்தால் அதன் மேல்விளிம்பிலிருந்து அளந்துவிடாதீர்கள். பலருக்கும் 4 இன்ச் கூடிப்போவது அங்கேதான்.

சுவர் நேராக இல்லாமல் பக்கவாட்டில் எடுத்த படம். Distort போட்டு இழுத்தால் கண்ணுக்குச் சரியாக வருகிறது, ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.

நான்கு மூலைகளையும் கண் மதிப்பில் இழுத்தால் ஓவியத்தின் நீள அகல விகிதம் மாறிவிடும். 42க்கு 30 பிரேம், 48க்கு 30 போல ஆகியிருக்கும். கோடுகள் சாய்வது சரியாக இருந்தாலும் உள்ளே வரைந்த முகம் அகலமாகத் தெரியும். உறுத்துவது அதுதான்.

இதைத் தவிர்க்க நாங்கள் படம் எடுக்கும்போதே ஒரு வேலை செய்கிறோம். சுவரில் மாஸ்கிங் டேப்பைக் கிழித்து நான்கு துண்டுகள் ஒட்டுவோம்: அகலத்தில் 80 இன்ச், உயரத்தில் 50 இன்ச், கீழ்த் துண்டுகள் தரையிலிருந்து சரியாக 36 இன்ச். கேமரா டிரைபாடில் இருக்கும். டேப்போடு ஒரு ஷாட், டேப்பை எடுத்துவிட்டு இன்னொரு ஷாட். மொத்தம் 5 நிமிட வேலை. இரண்டாவது ஷாட்டில்தான் எடிட்டிங், முதல் ஷாட் அளவுக்கு மட்டும். டேப் ஒட்டினால் பெயின்ட் உரியும் என்று வீட்டுக்காரர் தடுத்தால், சுவரில் கதவு, ஜன்னல் மாதிரி அளவு தெரிந்த செவ்வகம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் போட்டோஷாப்பில் புதிய லேயரில் 1600க்கு 1000 பிக்சல் செவ்வகம் ஒன்றைப் போடுங்கள். இது ஒரு இன்ச்சுக்கு 20 பிக்சல் கணக்கில் 80க்கு 50 இன்ச் சுவர்த்துண்டு. லேயர் பெயரில் ரைட் கிளிக் செய்து `Convert to Smart Object` கொடுங்கள். பிறகு `Edit > Transform > Distort` எடுத்து அதன் நான்கு மூலைகளையும் டேப் துண்டுகள் இருந்த நான்கு புள்ளிகளில் கொண்டுபோய் உட்கார வையுங்கள். இப்போது அந்த லேயரின் சின்னப் படத்தை இரட்டைக் கிளிக் செய்தால் தட்டையான சுவர் தனியாகத் திறக்கும். அங்கே 840க்கு 600 பிக்சலில் பிரேமை வையுங்கள். அடி 42 இன்ச்சில் வர வேண்டும், துண்டின் அடி 36 இன்ச்சில் இருக்கிறது, ஆகவே கீழிருந்து 6 இன்ச், அதாவது 120 பிக்சல் மேலே. செவ்வகத்தின் சாம்பல் நிறத்தை மறைத்துவிட்டு `Ctrl+S` அடித்து மூடினால், வெளியே ஹால் படத்தில் பிரேம் சரியான சாய்வோடும் சரியான அளவோடும் வந்து நிற்கும். `Filter > Vanishing Point` வழியாகவும் இதைச் செய்யலாம். அதில் சுவருக்கு வரையும் கட்டங்கள் நீல நிறத்தில் இருந்தால் தளம் சரி, மஞ்சளோ சிவப்போ வந்தால் மூலைகள் தவறு. ஆனால் பிறகு ஓவியத்தை மாற்ற வேண்டியிருந்தால் முதல் வழிதான் வசதி.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சோதனை. கேமரா எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில் இருக்கும் கோடுகள் படத்தில் சாயாது. அதற்கு மேலுள்ளவை தூரம் போகப்போக இறங்கும், கீழுள்ளவை ஏறும். கேமரா 48 இன்ச் உயரம் என்று வையுங்கள். பிரேமின் மேல்விளிம்பு 72 இன்ச்சில் இருப்பதால் தூரத்துப் பக்கம் இறங்க வேண்டும். கீழ்விளிம்பு 42 இன்ச்சில் இருப்பதால் மிகக் கொஞ்சமாக ஏற வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாக இறங்கினால் எங்கோ தப்பு.

போனில் 0.5x போட்டு எடுத்த படம் என்றால் இதற்கெல்லாம் முன்னால் `Filter > Lens Correction` கொடுத்து வளைந்த கோடுகளை நிமிர்த்துங்கள். ஸ்கர்ட்டிங் வளைந்திருக்க, பிரேம் மட்டும் நேராக நின்றால் எந்த வித்தையும் உதவாது.

எல்லாம் சரியாக வைத்தும் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரியே இருக்கு.

நிழல்தான் காரணம். பெரும்பாலும் நிழல் இல்லாததால் அல்ல, இருக்கிற நிழல் ரொம்பப் பெரிதாக இருப்பதால்.

பிரேம் சுவரை விட்டு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். சாதாரணச் சட்டம் என்றால் 1.25 இன்ச் இருக்கும். ஜன்னல் வெளிச்சம் சுவரில் 45 டிகிரி சாய்வில் விழுந்தால், நிழலின் நீளமும் அதே 1.25 இன்ச், நம் கணக்கில் 25 பிக்சல். அதற்கு மேல் போனால் பிரேம் சுவரை விட்டு மிதக்கிறது என்று கண் சொல்லிவிடும். `Drop Shadow` எடுத்து `Distance` 60, `Size` 80 என்று வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பிரேம் இல்லை, பறக்கும் தட்டு.

எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதைப் படத்திடமே கேளுங்கள். சுவிட்ச் போர்டை 300 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் ஓரத்தில் மெல்லிய நிழல் ஒன்று இருக்கும். அது வலப்பக்கமும் கொஞ்சம் கீழேயும் இருந்தால் பிரேமின் நிழலும் அப்படியே. `Use Global Light` டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேறொரு லேயரில் கோணத்தை மாற்றும்போது இதுவும் சேர்ந்து திரும்பும்.

விளிம்பு எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஜன்னல் 4 அடி அகலம், சுவரிலிருந்து 8 அடி தூரம் என்றால், 48ஐ 96ஆல் வகுத்து 1.25ஆல் பெருக்கினால் 0.6 இன்ச் வருகிறது. சுமார் 12 பிக்சல். அந்த அளவு மங்கல் போதும். இதைத் தவிர, சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் 2, 3 பிக்சல் அகலத்துக்கு அடர்த்தியான இன்னொரு மெல்லிய நிழல் தேவை. வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் அந்த இடுக்குக்குள் அது நுழையாது. இந்த இரண்டாவது நிழலை விட்டுவிடுவதால்தான் பலருடைய படம் கடைசிவரை ஒட்டாமல் நிற்கிறது.

நிறம் சுத்தக் கறுப்பு வேண்டாம். சோபா சுவரில் போடும் நிழலிலிருந்து ஐட்ராப்பரால் நிறத்தை எடுங்கள். கிரீம் சுவரில் அது பழுப்பாக இருக்கும். நிழல் லேயரை `Multiply`யில் வைக்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம்: Smart Object உள்ளே வைத்த `Multiply` வெளியே இருக்கும் சுவரைத் தொடாது. சாய்வான சுவரில் நிழலும் சாய வேண்டுமே என்று உள்ளேயே வைக்கிறவர்கள் `Normal`லில் அடர் பழுப்பை 35, 40 சதவீதத்தில் வையுங்கள். அல்லது நிழலுக்கென்று தனி Smart Object போட்டு, அதற்கு வெளியே `Multiply` கொடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

பின்னால் கம்பி கட்டி ஆணியில் தொங்கவிடும் பிரேம் மேல்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்கும், அடிப்பக்கம் சுவரைத் தொடும். உங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், தெரியும். அதனால் பக்கவாட்டு நிழல் மேலே அகலமாகவும் கீழே வரவர ஒடுங்கியும் இருக்கும். மேலே 30 பிக்சல், கீழே 20 என்று லேசாக இழுத்துவிட்டால் போதும். யாரும் இதைக் கவனித்துச் சொல்லமாட்டார்கள், ஆனால் படம் சட்டென்று நிஜமாகிவிடும்.

பக்கவாட்டில் எடுத்த படமானால் சட்டத்தின் பக்கமும், அந்த 1.25 இன்ச் தடிமன், கேமரா இருக்கும் திசையில் தெரிய வேண்டும். ஸ்கேன் செய்த பிரேமில் அது இருக்காது. சட்டத்தின் நிறத்திலேயே ஒரு பட்டை வரைந்து, வெளிச்சம் படாத பக்கமானால் இருட்டாக்குங்கள்.

ஓவியம் மட்டும் டிவி மாதிரி பளீரென்று தெரிகிறது.

மவுண்டின் வெள்ளையைப் பாருங்கள். ஸ்கேனில் அது 255, 255, 255 ஆக இருக்கும். அதே ஹாலில் வெள்ளைச் சுவிட்ச் போர்டின் மேல் கர்சரை வைத்துப் பாருங்கள். நம் படத்தில் 228, 222, 208. அந்த அறையில் ஒரு வெள்ளைப் பொருள் அவ்வளவுதான் வெள்ளையாக இருக்க முடியும். காகிதத்துக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது.

பிரேம் லேயருக்கு மேல் `Curves` போட்டு, `Create Clipping Mask` கொடுத்து அதை பிரேமோடு மட்டும் கட்டுங்கள். `Red`, `Green`, `Blue` ஒவ்வொன்றிலும் வலது மேல் முனையின் `Output`ஐ முறையே 228, 222, 208 ஆக இறக்குங்கள். பளபளப்பு போய், மாலை வெயில் பட்ட காகிதம் போல ஆகிவிடும். அதேபோல் ஓவியத்தின் கறுப்பு, அறையில் உள்ள கறுப்புகளைவிட இருட்டாக இருந்தால் அதைக் கொஞ்சம் தூக்குங்கள்.

அடுத்தது சுவரில் வெளிச்சம் குறையும் விதம். ஜன்னல் பக்கம் சுவர் 214 காட்டுகிறது, பிரேமின் வலது ஓரத்துக்கு வெளியே 186. வகுத்தால் 0.87. பிரேமும் இடமிருந்து வலமாக அதே அளவு மங்க வேண்டும். வெள்ளையிலிருந்து 222 சாம்பலுக்குப் போகும் கிரேடியன்ட் ஒன்றை `Multiply`யில் பிரேமோடு கட்டிவிட்டால் அது நடந்துவிடும், 255இல் 0.87 பங்குதான் அந்த 222.

இப்படிச் செய்தால் ஓவியத்தின் நிஜ நிறம் போய்விடுமே என்று ஓவியம் விற்கிற கடைகள் கவலைப்படும். நியாயமான கவலைதான். ஹால் படம் அளவைக் காட்டத்தான். நிறத்துக்கு ஓவியத்தை மட்டும் நேராக எடுத்த படம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும்.

கண்ணாடிப் பிரதிபலிப்பு போடணுமா?

கேன்வாஸ் என்றால் வேண்டாம், அதில் கண்ணாடியே இல்லை. கண்ணாடி பிரேம் என்றால் ஜன்னல் வெளிச்சத்தின் மங்கலான ஒரு பட்டை, `Screen`னில் 5 முதல் 8 சதவீதம் போதும். ஓவியத்தின் முக்கியமான இடத்தில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் குறுக்குக் கோட்டு மினுமினுப்பு படங்களைப் போடாதீர்கள். எந்த ஹாலிலும் அப்படி ஒரு வெளிச்சம் இல்லை.

தஞ்சாவூர் ஓவியத்தை வைத்தால் தங்கம் மஞ்சள் பெயின்ட் மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

இதை எடிட்டிங்கில் முழுசாகச் சரிசெய்ய முடியாது, படம் எடுத்த விதமே காரணம். தங்க ரேக்குக்கு என்று நிலையான நிறம் இல்லை, அது பாதி கண்ணாடி. எதிரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். இருட்டு அறையில் நேராக நின்று எடுத்தால் கேமராவுக்குப் பின்னால் இருக்கும் இருட்டைக் காட்டி, கடுகு நிறமாகிவிடும். ஸ்கேனரிலும் இதே கதைதான்.

ஓவியத்தைக் கண்ணாடி போடும் முன்பே எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னல் ஒரு பக்கம் இருக்க, எதிர்ப்பக்கம் ஒரு பெரிய வெள்ளை தெர்மகோல் ஷீட்டைச் சாய்த்துப் பிடித்தால், மக்கு வேலையால் மேடாக நிற்கும் நகைகளின் ஓரங்கள் அந்த வெள்ளையைப் பிடித்து மின்னும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஓவியம் எடுக்கும்போது ஜன்னல் எந்தப் பக்கமோ, ஹால் படத்திலும் அதே பக்கம் இருக்க வேண்டும். மேடான கற்களின் நிழல் வலப்பக்கமும் பிரேமின் நிழல் இடப்பக்கமும் விழுந்தால் பொய் வெளியே வந்துவிடும். சரி, படத்தைத் திருப்பிப் போட்டுவிடலாமே என்றால், சாமியின் கைகள் இடம் வலம் மாறிவிடும். அதைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளருக்கு ஒரு நொடி போதும். திருப்புவதானால் ஹால் படத்தைத் திருப்புங்கள், அதுவும் சோபா இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் மட்டும்.

ஓவியம் ரொம்பத் துல்லியமாக இருக்கு, சுற்றியுள்ள படம் அப்படி இல்லை.

200 சதவீதத்தில் சுவரையும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். சுவரில் மணல் தூவின மாதிரி நாய்ஸ் இருக்கும், ஓவியம் வழவழவென்று இருக்கும். முதலில் `Gaussian Blur` 0.5 முதல் 1 பிக்சல், பிறகு `Filter > Noise > Add Noise`, `Monochromatic` டிக்கோடு, சுவருக்கு ஒத்துப்போகும்வரை. வரிசை முக்கியம். நாய்ஸ் போட்டபிறகு மங்கலாக்கினால் நாய்ஸும் கரைந்துவிடும். சோபாவில் போக்கஸ் வைத்து, பின்சுவர் மங்கலாக இருக்கும் படமானால் ஓவியமும் அதே அளவு மங்கலாக வேண்டும். ஓவியத்தைத் தெளிவாகக் காட்ட ஆசைப்பட்டால் அந்தப் படம் அதற்கு ஏற்றதில்லை, வேறு படம் எடுங்கள்.

செடியின் இலைகள் பிரேமுக்கு முன்னால் வருகின்றன. இலை இலையாக வெட்டணுமா?

வெளிர் சுவர், அடர் பச்சை இலை என்றால் தேவையில்லை. `Channels`இல் `Blue`வைப் பாருங்கள். இலைக்கும் சுவருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் அதிகம். அதை நகலெடுத்து, `Levels`ஆல் இலையைக் கறுப்பாகவும் சுவரை வெள்ளையாகவும் ஆக்கி, பிரேமுக்கு மாஸ்க்காகப் போடுங்கள். இலை ஓரத்தில் சுவரின் கிரீம் நிறம் கோடாக ஒட்டியிருந்தால் மாஸ்க்கை ஒரு பிக்சல் மங்கலாக்கிப் பாருங்கள். இலையின் நிழல் சுவரில் விழுந்திருந்தால் அது பிரேமின் மேலும் விழ வேண்டும், அதை மறக்கிறவர்களே அதிகம். சீலிங் ஃபேன் இறக்கை குறுக்கே வந்தால் பேனாக் கருவியால் வெட்டுங்கள். சுற்றும்போது எடுத்த ஃபேன் என்றால் மாஸ்க் ஓரமும் மங்கலாக இருக்க வேண்டும்.

கடைக்காரர் பிரேமைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டச் சொல்கிறார். 84 இன்ச் சோபாவுக்கு மேலே 42 இன்ச் சின்னதாக இருக்காம்.

அவர் கண் சொல்வது சரி. சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 56 இன்ச், இருந்தால்தான் நிறைவாக இருக்கும். ஆனால் 42ஐ 56 ஆக்கிக் காட்டினால் மேலே சொன்ன தாம்பாளக் கதைதான். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும், பொருளின் விவரமும் படமும் நிஜப் பொருளோடு பொருந்த வேண்டும் என்றே சொல்கின்றன. இரண்டு பேர் சோபாவுக்கு மேல் வைத்துக் காட்டலாம் என்று சொல்லுங்கள். இல்லை, 24 இன்ச் அகலமுள்ள இரண்டு பிரேம்களை நடுவில் 4 இன்ச் விட்டு வைத்தால் 52 இன்ச் வந்துவிடும். ஜோடியாக விற்கவும் அவருக்கு வழி கிடைக்கும். இதைச் சொன்னதும் முகம் மலராத கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாங்கள் சோபாதான் விற்கிறோம். சுவரில் அழகுக்கு ஏதாவது ஓவியத்தை நெட்டில் எடுத்துப் போடலாமா?

விற்காவிட்டாலும் அது வியாபாரப் படம்தான். இந்தியாவில் ஓவியத்துக்கான காப்புரிமை, ஓவியர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் இருக்கும். ராஜா ரவி வர்மா 1906இல் மறைந்தார், அவர் ஓவியங்களுக்கு அந்தத் தடை இல்லை. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1977இல் மறைந்தார். அவர் ஓவியங்களுக்கு 2037 முடியும்வரை உரிமை இருக்கிறது. இன்று வரைந்துகொண்டிருப்பவர்களுடையதற்கு அனுமதி கேட்டே ஆக வேண்டும். நாங்கள் இதற்கென்றே தெரிந்த ஓவியர் ஒருவரிடம் ஆறு ஓவியங்களுக்கு எழுத்தில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறோம். சோபாவுக்குப் பின்னால் அவைதான் மாறி மாறி வரும்.

ஒரே ஹால் படத்தில் நாற்பது ஓவியங்களை மாற்றிப் போடணும். ஒவ்வொன்றுக்கும் இதெல்லாம் முதலிலிருந்தா?

இல்லை. சுவருக்கான Smart Object ஒருமுறை செய்தால் போதும். உள்ளே ஓவியத்தை மட்டும் இன்னொரு Smart Object ஆக வைத்திருந்தால், ரைட் கிளிக் செய்து `Replace Contents` கொடுத்து மாற்றிக்கொண்டே போகலாம். நிறம் இறக்கிய `Curves`, கிரேடியன்ட், நிழல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம். மாற்றிப் போடும் படம் பழைய படத்தின் பிக்சல் அளவில் இல்லாவிட்டால் சுவரில் அதன் அளவு மாறிவிடும், பெரும்பாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். அதனால் எல்லா ஓவியங்களையும் முதலிலேயே இன்ச்சுக்கு 20 பிக்சல் கணக்கில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, சட்டத்தின் தடிமன். 1.25 இன்ச் சட்டத்துக்கு அமைத்த நிழல் அரை இன்ச் மெல்லிய அலுமினியச் சட்டத்துக்கு ஆகாது, அதற்கு 10 பிக்சல்தான். நாங்கள் கோப்பின் பெயரிலேயே அளவையும் தடிமனையும் எழுதிவிடுவோம், `hall2_42x30_d125.psd` என்று. அடுத்த மாதம் வேறொருவர் அதைத் திறந்தாலும் எந்த நிழல் எதற்கு என்று கேட்க எனக்கு போன் வராது.